ஈ.எம்.டி. எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான்

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கணக்கு அலுவலராக இருக்கிறேன். மாதம் ஏழெட்டு அரசு டெண்டர்கள் போடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் ஈ.எம்.டி. என்ற முன்வைப்புத் தொகையைப் பணமாகவோ, பி.ஜி. என்ற வங்கி உத்தரவாதமாகவோ தர வேண்டும். மார்க்கெட்டிங் பிரிவிலிருந்து 'ஈ.எம்.டி. இவ்வளவு, நாளைக்குள் பி.ஜி. வேண்டும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும். அதை வைத்துத்தான் வங்கிக்கு ஓடுகிறேன். போன மாதம் பி.ஜி. தேதி போதவில்லை என்று ஒரு டெண்டரைத் தள்ளிவிட்டார்கள். இன்னொரு பக்கம், பழைய ஈ.எம்.டி. 19 லட்சம் ஏன் திரும்பவில்லை என்று ஆடிட்டர் கேட்கிறார். 140 பக்க டெண்டர் ஆவணத்தில் நான் எதை, எங்கே பார்க்க வேண்டும்?

பதில்:

முதலில் அந்த வாட்ஸ்அப் வரியை நம்பி வங்கிக்குப் போவதை நிறுத்துங்கள். அந்த வரி தொகையைச் சொல்கிறது. தொகைதான் டெண்டரிலேயே எளிதாகக் கிடைக்கிற விஷயம், முதல் பக்கத்திலேயே இருக்கும். உங்களை மாட்டிவிட்டது தேதி. ஆடிட்டரிடம் மாட்டிவிடப் போவது, பணம் எந்த நிகழ்வுக்குப் பிறகு திரும்பும் என்ற நிபந்தனை. இரண்டும் அந்த ஒரு வரியில் இருக்காது. ஆகவே ஆவணத்தை நீங்களே திறக்க வேண்டும். பயப்படாதீர்கள், 140 பக்கத்தில் உங்களுக்கு வேண்டியது ஏழெட்டுப் பக்கம்தான். அவை சிதறிக் கிடக்கும், அவ்வளவுதான்.

மத்திய அரசின் eprocure.gov.in தளமாக இருந்தாலும் தமிழ்நாட்டின் tntenders.gov.in ஆக இருந்தாலும் டெண்டரின் விவரப் பக்கம் கிட்டத்தட்ட ஒரே அமைப்பில்தான் இருக்கும். அதில் EMD Amount, EMD Fee Type, EMD Payable To, Bid Validity(Days) என்ற கட்டங்களைப் பாருங்கள். EMD through BG/ST or EMD Exemption Allowed என்று இன்னொரு கட்டம் இருக்கும். அதில் 'இல்லை' என்று இருந்தால் பி.ஜி. எடுக்க ஓட வேண்டியதே இல்லை, பணமாகத்தான் கட்ட வேண்டும். இந்தப் பக்கம் சுருக்கம் மட்டுமே. அலுவலகத்தில் யாரோ ஒருவர் தட்டச்சு செய்து நிரப்பியது. அதனால் இதை வைத்து முடிவு செய்யாமல், இதில் உள்ளதை ஆவணத்தோடு ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணத்துக்குள் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது டெண்டர் அறிவிப்பு. இரண்டாவது, டெண்டர் போடுவோருக்கான அறிவுரைகள் பகுதி. ஈ.எம்.டி.யின் வடிவம், பி.ஜி. காலம், திருப்பித் தருவது, பறிமுதல் எல்லாம் விதிகளாக இங்கேதான் எழுதியிருக்கும். ஆனால் அது பெரும்பாலும் எல்லா டெண்டருக்கும் பொதுவாக அச்சடித்த வாசகம். இந்த டெண்டருக்கே உரிய எண்களும் மாற்றங்களும் மூன்றாவது இடமான பிட் டேட்டா ஷீட்டில் இருக்கும். இரண்டும் மோதினால் டேட்டா ஷீட்டில் உள்ளதுதான் செல்லும் என்று பெரும்பாலான ஆவணங்களில் ஒரு வரி எழுதியிருப்பார்கள். நான்காவது, திருத்த அறிவிப்புகள். கடைசியாக வந்த திருத்தம் அதுவரை உள்ள அனைத்தையும் மீறும். இது தளத்தில் தனிக் கோப்பாக ஏறும், முதல் நாள் இறக்கிய கோப்புக்குள் தானாக வந்து உட்காராது. நீங்கள் ஆவணம் இறக்கிய நாளுக்கும் டெண்டர் போடும் நாளுக்கும் நடுவில் இரண்டு முறையாவது தளத்தைத் திறந்து பார்க்க வேண்டியது இதற்காகத்தான்.

தேடுவதில் ஒரு சின்னத் தொல்லை உண்டு. நீங்கள் EMD என்று தேடுவீர்கள், அவர்கள் 'பிட் செக்யூரிட்டி' என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒரே பணம்தான். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 170 கூட அப்படித்தான் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறது. சில ஆவணங்களில் நடுவில் புள்ளி வைத்து E.M.D. என்று இருக்கும், அது EMD என்று தேடினால் அகப்படாது. அதனால் கண்ட்ரோல்-எஃப் அழுத்தி இத்தனையையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்:

```
earnest
emd
e.m.d
bid secur
validity
exempt
refund
return
forfeit
performance sec
```

bid secur என்று அரைகுறையாகத் தேடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஈ.எம்.டி.க்குப் பதிலாகச் சில டெண்டர்களில் வெறும் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும் என்று பிட் செக்யூரிங் டிக்ளரேஷன் கேட்பார்கள். அதுவும் இந்தத் தேடலில் சிக்கும். சரி, தேடியது எதுவுமே கிடைக்கவில்லை என்றால் ஆவணத்தில் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அது ஸ்கேன் செய்த கோப்பாக இருக்கலாம். படமாக உள்ள பக்கத்தில் எழுத்தைத் தேட முடியாது. திருத்த அறிவிப்புகள் அதிகாரி கையெழுத்துப் போட்ட தாளை ஸ்கேன் செய்தவையாகவே பெரும்பாலும் வரும். அவற்றைக் கண்ணால்தான் படிக்க வேண்டும், நல்லவேளையாக ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும்.

இப்போது உங்களை வீழ்த்திய தேதி விஷயம். என்னிடம் ஆலோசனை கேட்ட ஒரு நிறுவனத்தின் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். எண்களைச் சற்று மாற்றியிருக்கிறேன், கதை அதேதான். மதிப்பீடு 1.8 கோடி, ஈ.எம்.டி. 2 சதவீதம், ஆக 3,60,000 ரூபாய். டெண்டர் திறக்கும் நாள் 2025 ஜூன் 10. தளத்தின் விவரப் பக்கத்தில் டெண்டரின் செல்லுபடிக் காலம் 90 நாள் என்று இருந்தது. அறிவுரைகள் பகுதியில், பி.ஜி. அந்தக் காலத்துக்கு மேல் 45 நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஒரு வரி. (விதி 170-இலும் இதே 45 நாள்தான். உலக வங்கிக் கடனில் வரும் டெண்டரில் 28 நாள் இருக்கும், ரயில்வே வேலைகளில் 90 நாள். ஆக, மனப்பாடமாக 45 என்று போட்டுவிடக் கூடாது.) கணக்காளர் ஜூன் 10-இலிருந்து 90 நாள் எண்ணினார், செப்டம்பர் 8 வந்தது. அதோடு 45 சேர்த்தார், அக்டோபர் 23. பி.ஜி. வாங்கினார்.

அவர் இரண்டு இடங்களைப் பார்க்கவில்லை. டேட்டா ஷீட்டில் செல்லுபடிக் காலம் 120 நாள் என்று இருந்தது. அப்புறம், ஜூன் முதல் வாரத்தில் ஒரு பக்கத் திருத்தம் வந்திருந்தது, திறக்கும் நாள் ஜூன் 24-க்குத் தள்ளிப்போயிற்று, மற்ற நிபந்தனைகளில் மாற்றமில்லை என்று. 'மாற்றமில்லை' என்பதைப் படித்துவிட்டு மார்க்கெட்டிங் ஆள் நிம்மதியாக இருந்துவிட்டார். ஆனால் நாள் தள்ளிப்போனால் அதிலிருந்து எண்ணும் எல்லாத் தேதிகளும் தள்ளிப்போகும். ஜூன் 24-இலிருந்து 120 நாள் என்றால் அக்டோபர் 22. அதற்கு மேல் 45 நாள், டிசம்பர் 6. கையிலிருந்த பி.ஜி. 44 நாள் குறை. தொழில்நுட்ப உறை திறந்த அன்றே தள்ளுபடி.

இந்தக் கணக்கை விரலில் எண்ணாதீர்கள். எக்செலில் B2-இல் திறக்கும் நாள், C2-இல் செல்லுபடி நாட்கள், D2-இல் கூடுதல் நாட்கள் என்று வைத்தால் இவ்வளவுதான்:

```
=B2+C2+D2
```

'ஆறு மாதம்' என்று மாதக் கணக்கில் எழுதியிருந்தால் 180 என்று போடக் கூடாது, `=EDATE(B2,6)+D2` என்று போடுங்கள். இரண்டுக்கும் ஒன்று முதல் நான்கு நாள் வரை வித்தியாசம் வரும், அது போதும் தள்ளுபடிக்கு. இன்னொன்று, எந்த நாளிலிருந்து எண்ணச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் அந்த வரியிலேயே பாருங்கள். டெண்டர் போடக் கடைசி நாளா, திறக்கும் நாளா? பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரு நாள் இடைவெளி இருக்கும்.

தளத்தில் 90, டேட்டா ஷீட்டில் 120 என்று முரண்பட்டால் டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேட்கலாம். அதற்கு நேரமில்லை என்றால் நீளமானதை எடுங்கள். மேலே சொன்ன 3.6 லட்சத்துக்கு 44 நாள் கூடுதலாக எடுத்திருந்தால், கமிஷன் ஆண்டுக்கு 2 சதவீதம் என்று வைத்தாலும் 900 ரூபாயைத் தாண்டியிருக்காது. நான் எப்போதும் கணக்குப் போட்டு வந்த தேதிக்கு மேல் இன்னும் 30 நாள் சேர்த்துத்தான் பி.ஜி. கேட்பேன். திறக்கும் நாள் ஒருமுறை தள்ளிப்போனாலும் அந்த 30 நாள் தாங்கிவிடும். அதற்கும் மேல் போனால் டெண்டர் போடுவதற்கு முன்பே வங்கியில் பி.ஜி. நீட்டிப்புத் திருத்தம் வாங்கிச் சேர்த்துவிட வேண்டும்.

பி.ஜி.யில் தேதி தவிர இன்னும் இரண்டு விஷயம் உங்கள் கண்ணில் பட வேண்டும். ஒன்று, ஆவணத்தின் கடைசியில் உள்ள மாதிரிப் படிவம். வங்கி தன் வழக்கமான படிவத்தில் அடித்துக் கொடுத்தால் அதை ஏற்க மாட்டோம் என்று சொல்லும் அலுவலகங்கள் உண்டு. இன்னொன்று, எஸ்.எஃப்.எம்.எஸ். செய்தி. உங்கள் வங்கி, பி.ஜி. கொடுத்த விவரத்தை அந்த அலுவலகத்தின் வங்கிக்கு மின்செய்தியாக அனுப்ப வேண்டும் என்று இப்போது பல டெண்டர்களில் கேட்கிறார்கள். அதற்கான ஐ.எஃப்.எஸ்.சி. எண் டேட்டா ஷீட்டில் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். பி.ஜி. விண்ணப்பத்திலேயே அதைக் குறித்துக் கொடுக்காவிட்டால் வங்கி தானாக அனுப்பாது.

கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நாம் கட்டத்தான் வேண்டுமா? குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் கொள்முதல் கொள்கை ஆணை 2012-இன்படி, மத்திய அமைச்சகங்கள், துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள் விடும் டெண்டர்களில் அவர்களுக்கு ஈ.எம்.டி. விலக்கு உண்டு. நடுத்தர நிறுவனங்களுக்குக் கிடையாது. உங்கள் நிறுவனம் எந்த வகை என்று கடிதத்தில் இல்லை. ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகளை உயர்த்தியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். முன்பு சிறு நிறுவனம் என்றால் விற்றுமுதல் 50 கோடி வரை, முதலீடு 10 கோடி வரை. இப்போது விற்றுமுதல் 100 கோடி, முதலீடு 25 கோடி. 70 கோடி வியாபாரம் செய்துகொண்டு 'நாம்தான் நடுத்தரம் ஆயிற்றே' என்று இன்னும் ஈ.எம்.டி. கட்டிக்கொண்டிருக்கிற நிறுவனங்களைக் கோவையிலேயே பார்த்திருக்கிறேன். உத்யம் சான்றிதழில் இப்போது என்ன வகை என்று ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.

விலக்கிலும் கண்ணி உண்டு. தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான் அது, வாங்கி விற்கும் வியாபாரிக்கு இல்லை. நீங்கள் பம்ப் தயாரிப்பவர்கள்தான், ஆனால் டெண்டர் கேட்பது பம்ப்போடு சேர்த்து மோட்டார் பேனலும் குழாயும் பதித்து ஓட்டிக் காட்டும் வேலை என்றால் அது பொருள் கொள்முதல் ஆகாது, ஒப்பந்த வேலை என்று விலக்கை மறுத்துவிடுவார்கள். மாநிலத் துறைகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் அந்தந்த மாநில விதிகள்தான். அதனால் விலக்கு வரியைப் படிக்கும்போது மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: யாருக்கு, எந்தப் பொருளுக்கு, எந்தச் சான்றை எந்த உறையில் ஏற்ற வேண்டும். சந்தேகம் இருந்தால் கட்டிவிடுவதே மேல். விலக்கு மறுக்கப்பட்டால் ஈ.எம்.டி. இல்லாத டெண்டராகிவிடும், அதைப் பிறகு கட்டிச் சரிசெய்ய விடமாட்டார்கள்.

இனி ஆடிட்டரின் கேள்வி.

திரும்பும் நிபந்தனையை நாம் தேதியாகத் தேடுகிறோம். ஆவணத்தில் அது பெரும்பாலும் தேதியாக இருக்காது, ஒரு நிகழ்வாக இருக்கும். அந்த நிகழ்வு நம் கையிலும் இருக்காது. விதி 170 சொல்வது இது: தோற்றவர்களின் ஈ.எம்.டி.யை டெண்டரின் இறுதிச் செல்லுபடிக் காலம் முடிந்ததும் விரைவில் திருப்ப வேண்டும், அதிகபட்சம் ஒப்பந்தம் வழங்கிய 30-ஆம் நாளுக்குள். தொழில்நுட்ப விவரமும் விலையும் தனித்தனி உறையில் போகும் இரண்டு உறை டெண்டரில் தொழில்நுட்பச் சுற்றிலேயே வெளியேறியவர்களுக்கு, அந்த முடிவை அறிவித்த 30 நாளுக்குள். இதுவரை நன்றாக இருக்கிறது. ஆனால் பல டெண்டர்களில், வென்றவர், ஒப்பந்தத்தை ஒழுங்காக நிறைவேற்றுவதற்கான செயல்திறன் பிணை கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே மற்றவர்களுக்குத் திருப்புவோம் என்று இருக்கும். உலக வங்கி மாதிரி ஆவணத்திலும் அப்படித்தான்.

இதில் நான் பட்ட பாடு ஒன்று. அப்போது ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு டெண்டரில் நாங்கள் எல்-2, அதாவது குறைந்த விலையில் இரண்டாம் இடம். தோற்றாயிற்று, பணம் ஒரு மாதத்தில் வரும் என்று பணவரவுத் திட்டத்தில் 4 லட்சத்தை எழுதிவிட்டேன். வென்றவர் செயல்திறன் பிணை கொடுக்காமல் இழுத்தார், கால நீட்டிப்பு கேட்டார், மறுபடி கேட்டார். பணம் எங்களுக்கு வந்தது 11 மாதம் கழித்து. கடிதம் மேல் கடிதம் எழுதினேன். அந்த அலுவலகத்தார் பொறுமையாக ஒரு வரியை அடிக்கோடிட்டு நகல் அனுப்பினார்கள். நான் படிக்காத வரி அது. அன்றிலிருந்து என் பதிவேட்டில் 'திரும்பும் தேதி' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு 'எது நடந்தால் திரும்பும்' என்று ஒரு கட்டம் வைத்தேன்.

செல்லுபடிக் காலத்தை நீட்டிக்கச் சொல்லி அலுவலகம் கேட்டால் அந்தக் கடிதம் உங்கள் மேஜைக்கு வர வேண்டும். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, மறுத்தால் பறிமுதல் இல்லாமல் ஈ.எம்.டி. திரும்பும் என்று பெரும்பாலான ஆவணங்களில் இருக்கும். சம்மதித்தால் பி.ஜி.யையும் அதற்கேற்ப நீட்டிக்க வேண்டும். மார்க்கெட்டிங் சம்மதக் கடிதம் அனுப்பிவிட்டு உங்களிடம் சொல்லாமல் விட்டால் பி.ஜி. நடுவழியில் காலாவதியாகும்.

வென்ற டெண்டரில் கதை வேறு. பொருள் டெண்டர்களில் செயல்திறன் பிணை கொடுத்ததும் ஈ.எம்.டி. திரும்பும். ரயில்வே வேலை போன்றவற்றில் திரும்பவே திரும்பாது. அங்கே ஈ.எம்.டி. அப்படியே செக்யூரிட்டி டெபாசிட்டின் ஒரு பகுதியாகிவிடும், மீதியைப் பில்களில் பிடிப்பார்கள். அந்தப் பணத்துக்கு இனி டெபாசிட்டின் நிபந்தனை, அதாவது பராமரிப்புக் காலம் முடிய வேண்டும். உங்கள் 19 லட்சத்தில் ஒரு பங்கு இப்படி மாறியதாக இருக்க நிறைய வாய்ப்பு. கணக்கில் ஒரு ஜர்னல் போட்டு ஈ.எம்.டி. கணக்கிலிருந்து செக்யூரிட்டி டெபாசிட் கணக்குக்கு மாற்றியிருக்க வேண்டும், போடாமல் விட்டிருப்பீர்கள்.

பறிமுதல் நிபந்தனையையும் அதே பக்கத்தில் படித்துவிடுங்கள். செல்லுபடிக் காலத்துக்குள் டெண்டரைத் திரும்பப் பெறுவது, பொய் ஆவணம், வென்றபின் செயல்திறன் பிணை கொடுக்காதது, இவை எல்லாவற்றிலும் இருக்கும். 'ஆணை வருவதற்கு முன்தானே விலகுகிறோம், சலுகையை ஏற்கும் முன் திரும்பப் பெறலாமே' என்று உங்கள் நிர்வாக இயக்குநர் கேட்டால், உச்ச நீதிமன்றம் 2003-இல் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் கங்கா என்டர்பிரைசஸுக்கும் இடையிலான வழக்கில் இதே வாதத்தை ஏற்கவில்லை என்று சொல்லுங்கள். விலகலாம், ஆனால் பணம் போகும். உங்களுக்கு இதில் நேரடி வேலை ஒன்று உண்டு. ஆணைக் கடிதம் வந்த நாளிலிருந்து எத்தனை நாளில் செயல்திறன் பிணை என்ற எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். வங்கி வரம்பு இல்லாமல் அந்த நாள் தவறினால் ஆர்டரும் போகும், ஈ.எம்.டி.யும் போகும். ஒருவேளை அரசுத் தரப்பு பறிமுதல் செய்துவிட்டால், அந்தத் தொகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2022 ஆகஸ்ட் 3-இன் 178 எண் சுற்றறிக்கையில் அது தெளிவாக இருக்கிறது.

பதிவேடு பெரிதாக வேண்டாம். ஒரு டெண்டருக்கு ஒரு வரி. டெண்டர் எண், தொகை, வடிவம், யு.டி.ஆர். அல்லது பி.ஜி. எண், பி.ஜி. முடியும் நாள், எது நடந்தால் திரும்பும், அந்த நிபந்தனை எந்தப் பக்கம் எந்தப் பத்தி. கடைசிக் கட்டம்தான் முக்கியம். பக்க எண் இல்லாத பதிவை நான் ஏற்பதில்லை, யாரோ போன டெண்டரிலிருந்து நகலெடுத்து ஒட்டியது என்று எடுத்துக்கொள்வேன். கணக்கிலும் 'ஈ.எம்.டி.' என்று ஒரே மொத்தக் கணக்கு வைக்காமல் டெண்டர்வாரியாகப் பிரியுங்கள். பணமாகக் கட்டியது சொத்தில் நிற்கும். பி.ஜி. என்றால் அதற்கு வங்கி பிடித்த மார்ஜின் எஃப்.டி. தான் உங்கள் பணம். பி.ஜி. காலாவதியான அன்றே வங்கி அதை விடுவித்துவிடும் என்று நினைக்காதீர்கள். பி.ஜி.யில் உரிமைகோரும் கடைசி நாள் என்று தனியாக ஒரு தேதி இருந்தால் அதுவரை பிடித்து வைப்பார்கள். அசல் பி.ஜி.யைத் துறையிடமிருந்து திரும்ப வாங்கிக் கொடுத்தால் உடனே விடுவிப்பார்கள்.

அந்த 19 லட்சத்தை இந்த வாரமே மூன்றாகப் பிரித்துவிடுங்கள்: வென்றவை, தோற்றவை, ரத்தானவை. வென்றவற்றில் மாற்று ஜர்னல் வேண்டுமா என்று பாருங்கள். தோற்றவற்றில் ஆன்லைனில் கட்டியவை, தளத்தில் அதிகாரி முடிவைப் பதிந்ததும் கட்டிய கணக்குக்கே தானாகத் திரும்பும். எனவே எந்த வங்கிக் கணக்கிலிருந்து போயிற்று என்று பார்த்து, அந்தக் கணக்கின் வரவுகளைத் தேடுங்கள். பணம் வந்து, 'யார் அனுப்பியது தெரியவில்லை' என்று சஸ்பென்ஸில் கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தான டெண்டர்கள்தான் அனாதைகள். வென்றவரும் இல்லை, ஆணையும் இல்லை, ஆகவே யாரும் கோப்பை எடுப்பதில்லை. கேட்டால்தான் கிடைக்கும். கட்டிய சான்றின் நகல், ரத்து அறிவிப்பின் நகல், ரத்து செய்த காசோலை, வருவாய் முத்திரை ஒட்டிய முன்ரசீது, இவற்றோடு ஒரு பக்கக் கடிதம் போதும். திரும்பும் நிபந்தனையின் பத்தி எண்ணைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

வயது பார்த்து வரிசைப்படுத்தும்போது அரசுத் துறைகளிடம் உள்ள பழையவற்றை மேலே வையுங்கள். அங்கே மூன்று முழு நிதியாண்டுகள் யாரும் கேட்காத வைப்புத் தொகையை மார்ச் முடிவில் காலாவதி வைப்பு என்று அரசு வருவாய்க் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். உங்கள் பணம் அதனால் போய்விடாது, ஆனால் திரும்ப வாங்கத் தனி அனுமதி வேண்டும், அதற்கு அலைச்சல் இரண்டு மடங்கு. அந்த மூன்று ஆண்டை நெருங்கியது ஏதாவது பட்டியலில் இருந்தால் முதல் கடிதம் அதற்குப் போகட்டும்.